உங்கள் விசுவாசமுள்ள மனிதவளத் துறைக்கு

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற பெரிய கிராணி,
சிலியாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம்,
நெகிரி செம்பிலான்.

பெறுநர்:
மனிதவளத் துறை,
தோட்ட நிறுவனத் தலைமையகம்,
கோலாலம்பூர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம்.

பொருள்: தங்கள் தமிழ்க் கடிதங்களின் தலையும் வாலும்

ஐயா என்றும் அம்மையீர் என்றும் இரண்டையும் போட்டிருக்கிறேன். கடிதம் எழுதுபவர் ஆணா பெண்ணா என்று தங்கள் கடிதங்களில் தெரிவதில்லை. ஆள்தானா என்பதும் தெரிவதில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தாங்கள் தமிழிலும் கடிதம் அனுப்புகிறீர்கள். எத்தனையோ நிறுவனங்கள் மலாய், ஆங்கிலம் இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் காலத்தில் தாங்கள் மூன்றாவதாக ஒரு தாளைச் செலவழிக்கிறீர்கள். இதற்கு முதலிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். கடிதத்தின் பிற்பகுதியில் அதற்கு வாய்ப்பு அமையாது என்று நினைக்கிறேன்.

பெரட்டில் நான் பெயர் கூப்பிட்ட காலத்திலிருந்து, காகிதம் வந்தால் கிராணி வீட்டுக்குக் கொண்டுபோவது இங்கே பழக்கம். நான் ஓய்வு பெற்றேன், பழக்கம் ஓய்வு பெறவில்லை. அப்படித்தான் போன மாதம் ஓர் அக்கா தங்கள் கடிதத்தோடு வந்தார். சின்ன வயதில் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உரம் போட்டவர், உதிரிப்பழம் பொறுக்கியவர். இப்போது அறுபது முடிந்து ஓய்வு. தாங்கள் அவருக்கு எழுதியிருந்தது இது. பெயரை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே தருகிறேன்:

"அன்பான மதிப்புமிக்க (பெயர்),

நல்ல நாள்.

மேலே உள்ள விஷயம் குறிப்பிடப்படுகிறது. உங்கள் ஓய்வைத் தொடர்ந்து நிறுவன வீட்டை 30 நாட்களுக்குள் காலி செய்ய தயவுசெய்து அறிவிக்கப்படுங்கள். இணைக்கப்பட்ட படிவத்தைத் தயவுசெய்து கண்டுபிடிக்கவும். மேலும் கேள்விகளுக்கு எங்களை அழைக்கச் சுதந்திரமாக உணருங்கள்.

இதமான அன்புடன்,
உங்கள் விசுவாசமுள்ள,
மனிதவளத் துறை

இது கணினியில் உருவாக்கப்பட்ட கடிதம். கையொப்பம் தேவையில்லை."

அக்காவுக்குப் படிக்கத் தெரியும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். படிவத்தைக் கண்டுபிடிக்கவும் என்றிருந்ததால் உறையைக் கிழித்து உள்பக்கம் வரை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவருடைய சந்தேகம் வேறு.

"என்னாண்ணே, கம்பெனியே நல்ல நாள்னு போட்டிருக்கான், ஆனா எந்த நாளுன்னு போடலியே? நாம குடி போறதுக்கு அவனுங்களே நாள் பாத்துட்டானுங்களா?"

நான் சிரிக்கவில்லை. அவர் படித்ததுதான் சரியான படிப்பு. வீட்டை விட்டுப் போகச் சொல்லும் கடிதத்தின் முதல் வரியில் "நல்ல நாள்" என்று இருந்தால், தமிழ் படித்தவர் யாராக இருந்தாலும் பஞ்சாங்கத்தைத்தான் தேடுவார். ஆங்கிலத்தில் காலைக்கும் மாலைக்கும் பொதுவாகச் சொல்லும் ஒரு முகமனை அப்படியே தூக்கி வைத்திருக்கிறீர்கள். தமிழில் அந்த இடத்தில் நிற்பது "வணக்கம்" என்ற ஒரே சொல். காலை, மாலை, மேலதிகாரி, கீழே வேலை செய்பவர் எல்லாருக்கும் அது பொருந்தும். அதற்குப் பிறகு முற்றுப்புள்ளி வைத்து விஷயத்துக்குப் போய்விடலாம். ராகுகாலம் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்தது "அன்பான மதிப்புமிக்க". எங்கள் ஊரில் மதிப்புமிக்கது என்றால் நகை, நிலம், வீட்டுப் பத்திரம். மனிதர்கள் மதிப்பிற்குரியவர்கள். முன்னதை விற்கலாம், பின்னதை விற்க முடியாது. ஆனால் இதைவிடப் பெரிய வேடிக்கை, அன்பான மதிப்புமிக்க என்று இரண்டு அடைமொழி போட்ட கையோடு அக்காவை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவரை அப்படிக் கூப்பிட இந்தத் தோட்டத்தில் உயிரோடு இருப்பவர் அவருடைய மாமியார் ஒருவர்தான்.

தமிழில் மரியாதை அடைமொழியில் உட்கார்ந்திருப்பதில்லை. பெயருக்கு முன்னால் ஒரு "திருமதி", பின்னால் ஒரு "அவர்களுக்கு", வாக்கியத்துக்குள் ஒரு "தாங்கள்", அதற்கேற்ற வினைமுற்று. நான்கும் இருந்தால் அன்பு என்ற சொல்லே தேவையில்லை. நான்கும் இல்லாவிட்டால் எத்தனை அன்பை ஊற்றினாலும் கடிதம் அதட்டலாகவே காதில் விழும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே முன்னிலைச் சொல். துரைக்கும் அதுதான், தோட்டக்காரருக்கும் அதுதான். அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் அவர்கள் தலையிலும் வாலிலும் அன்பு, மதிப்பு, இதம் எல்லாவற்றையும் அடுக்குகிறார்கள். நமக்கு அந்தக் குறை கிடையாது. இல்லாத நோய்க்கு மருந்தை இறக்குமதி செய்துவிட்டு, இருந்த உடம்பைப் பட்டினி போட்டிருக்கிறீர்கள்.

அன்புள்ள என்று எழுதவே கூடாதா என்று கேட்பீர்கள். எழுதலாம், அன்பு இருக்கும் இடத்தில். தோட்ட நிர்வாகி தமக்குத் தெரிந்த தலைமையாசிரியருக்கு, பள்ளி விளையாட்டுப் போட்டிக்குத் திடல் தருகிறேன் என்று எழுதும்போது "அன்புள்ள தலைமையாசிரியர் அவர்களுக்கு" என்று தொடங்கி "அன்புடன்" என்று முடித்தால் அழகு. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில்கூட ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரிக்குப் பெயர் குறிப்பிட்டு எழுதும் நேர்முகக் கடிதத்தில் அன்புக்கு இடமுண்டு. வேலை நீக்கம், காரணம் கேட்பு, வீடு காலி செய்தல் இவற்றில் இல்லை. போன ஆண்டு பழக் குலையைத் தவறவிட்டதற்காக ஒரு பையனிடம் விளக்கம் கேட்டு எழுதினீர்கள். அதிலும் "அன்பான" என்றுதான் இருந்தது. அவன் இரண்டு நாள் அதை மிரட்டல் என்று புரிந்துகொள்ளாமலே இருந்தான். பதில் கொடுக்க வேண்டிய தேதி அதற்குள் நெருங்கிவிட்டது.

இனி வாலுக்கு வருகிறேன்.

"உங்கள் விசுவாசமுள்ள" என்பதைப் படித்துவிட்டு அக்காவின் மருமகள், இது தேவாலயத்திலிருந்து வந்ததா என்று கேட்டாள். தமிழில் விசுவாசிகள் இருக்கும் இடம் அது ஒன்று. இன்னொரு இடம் வாசற்படி, அங்கே படுத்திருப்பதற்கு நான்கு கால். தங்களை இரண்டிலும் சேர்க்க எனக்கு மனமில்லை.

ஆங்கிலத்தில் கடிதம் அடித்தே காலம் தள்ளியவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். ஆங்கிலத்தின் பள்ளிக்கூட விதி மிக எளிமையானது. பெயர் தெரியாமல் வெறும் "ஐயா" என்று தொடங்கினால் விசுவாசத்தில் முடிக்க வேண்டும். பெயர் சொல்லித் தொடங்கினால் உண்மையில், அதாவது உளமார என்பதில் முடிக்க வேண்டும். தாங்கள் பெயரைப் போட்டுத் தொடங்கி விசுவாசத்தில் முடித்திருக்கிறீர்கள். ஆக மூலத்திலேயே தவறு. தவறான ஆங்கிலத்தை மிகச் சரியாக மொழிபெயர்த்த பெருமை தங்களுக்குக் கிடைக்கிறது.

இந்த வால்களை ஆங்கிலேயர்களே நம்பியதில்லை. மலாயாவை ஆண்ட காலத்தில் அவர்களுடைய அதிகாரிகள், ஒருவன் வேலையைப் பறிக்கும் கடிதத்தின் அடியிலும் "தங்கள் பணிவுள்ள வேலைக்காரன்" என்று கையெழுத்துப் போட்டார்கள். பெற்றவனும் துரை தனக்கு வேலைக்காரனாகிவிட்டார் என்று எண்ணிக் காப்பி கொண்டுவரச் சொல்லவில்லை. அது அங்கே வெறும் ஓசை. ஓசையை மொழிபெயர்த்தால் பொருள் வந்து உட்கார்ந்துவிடும், அதுதான் சிக்கல்.

தமிழுக்கு இந்த இடத்தில் ஒரு சொல் இருக்கிறது: "இப்படிக்கு". பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்த சொல் என்பதால் தங்களுக்கு மலிவாகத் தோன்றியிருக்கலாம். அதன் வயதைச் சொல்கிறேன். சோழர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் நிலம் விற்றவர், கோயிலுக்குக் கொடை கொடுத்தவர் எனப் பலரும் விஷயம் முழுவதையும் எழுதி முடித்துவிட்டு, இப்படிக்கு இவை இன்னார் எழுத்து என்று பெயரைப் பொறித்தார்கள். மேலே சொன்ன படிக்கு நான் பொறுப்பு என்பது அதன் பொருள். சாட்சி சொன்னவர்களும் வரிசையாகத் தங்கள் பெயரைச் சேர்த்தார்கள். அன்பு காட்டவில்லை, விசுவாசம் காட்டவில்லை, ஒருவரும் வெதுவெதுப்பாக உணரவில்லை. எழுதியது என் எழுத்து, கேட்க வேண்டுமானால் என்னைக் கேள் என்றார்கள். அந்த நிலம் யாருக்குப் போயிற்று என்று இன்றைக்கும் கல்லைப் பார்த்துச் சொல்ல முடிகிறது.

இப்போது தங்கள் கடைசி வரியைப் பாருங்கள். கையொப்பம் தேவையில்லை. அதாவது இந்தக் கடிதத்துக்கு ஆள் கிடையாது. "இப்படிக்கு" என்று போட்டிருந்தால் அதற்குக் கீழே ஒரு பெயர் வந்தே ஆக வேண்டும், வெற்றிடம் பல்லை இளிக்கும். "இதமான அன்புடன்" என்று போட்டால் பெயர் இல்லாமலே சமாளிக்கலாம், அன்புக்கு முகவரி தேவையில்லை. தாங்கள் மொழிபெயர்ப்பில் தவறிவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க, மிக நன்றாகத் தெரிந்தே செய்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

தமிழ்நாட்டு அரசுக் கடிதங்களே "தங்கள் உண்மையுள்ள" என்று முடிகின்றனவே, அதுவும் மொழிபெயர்ப்புதானே என்று தங்கள் துறையில் விவரம் தெரிந்தவர் யாராவது மடக்கலாம். உண்மைதான். ஆண்டுக்கணக்கில் புழங்கியதால் அது வழக்காகிவிட்டது, யாரும் அதைச் சத்தியம் என்று எடுத்துக்கொள்வதில்லை. அதைப் போட்டாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் அதற்கு மேலேயும் ஓர் அதிகாரியின் பதவி இருக்கிறது, கீழேயும் கையெழுத்து இருக்கிறது. தங்களுடையதில் விசுவாசம் மட்டும் தனியாக நிற்கிறது.

பரிந்துரைக் கடிதத்துக்கும் நம்மிடம் பழைய மாதிரி உண்டு. பதினோராம் திருமுறையின் தொடக்கத்தில் இருக்கும் திருமுகப் பாசுரம், ஆலவாய்ச் சிவபெருமான் பாணபத்திரருக்காகச் சேரமான் பெருமாளுக்கு எழுதிய கடிதம் என்பது சைவ மரபு. அனுப்புகிறவர் யார் என்று முதலில் வருகிறது, யாருக்கு என்பது அடுத்து, பிறகு விஷயம்: இவர் தங்களைக் காண வருகிறார், பொருள் கொடுத்து அனுப்புக. அதோடு முடிந்தது. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று நாம் எழுதும் அதே வரிசை. கடவுளே வால் ஒட்டாமல் நிறுத்திக்கொண்ட இடத்தில், தாங்கள் ஓட்டுநருக்குத் தரும் நற்சான்றிதழின் தலையில் "இது யாரைச் சம்பந்தப்படுத்தலாமோ அவருக்கு" என்று எழுதுகிறீர்கள். அதைக் கொண்டுபோன லோரி ஓட்டுநரிடம் சிரம்பானில் ஒருவர், போலீஸ் கேஸா என்று விசாரித்தாராம். சான்றிதழுக்கு "நற்சான்று" என்ற தலைப்பு போதும், யாரையும் விளிக்க வேண்டியதில்லை. விளித்தே தீருவேன் என்றால் "உரியவருக்கு".

நம்முடைய பழைய வழக்கமெல்லாம் பொன் என்று நான் சொல்லவரவில்லை. "மகாராஜராஜஸ்ரீ துரையவர்கள் சமூகத்துக்கு, அடியேன் தாழ்மையுடன் விண்ணப்பித்துக்கொள்வது" என்று மனு எழுதிய காலமும் இருந்தது. அந்தத் தாழ்மை காகிதத்தோடு நிற்கவில்லை, சைக்கிளிலும் ஏறிக்கொண்டது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில், சம்பளத்தோடும் மருத்துவத்தோடும் இதுவும் ஒன்று: துரையும் கிராணியும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். (கிராணியும் அந்தப் பட்டியலில் இருந்ததை நான் மறைக்கவில்லை.) ஆகவே தங்கள் விடுப்பு விண்ணப்பப் படிவத்தின் அடியில் அச்சடித்திருக்கும் "தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். விடுப்பு கேட்பவர் காய்ச்சலில் இருக்கிறார், கீழ்ப்படிதலைப் பற்றி அந்த நேரத்தில் கேட்பது முறையல்ல. அங்கேயும் "இப்படிக்கு" போதும்.

அரசாங்க மலாய்க் கடிதங்களைப் பாருங்கள். "துவான்" என்று தொடங்கி "செகியான், தெரிமா காசே" என்று முடித்து, நெடுங்காலம் "சாயா யாங் மெனுருட் பெரிந்தா", ஆணையைப் பின்பற்றும் நான், என்று கையெழுத்திட்டார்கள். அண்மைக் காலத்தில் அதை "சாயா யாங் மெஞாலாங்கான் அமானா", ஒப்படைத்த பொறுப்பை நிறைவேற்றும் நான், என்று மாற்றிக்கொண்டார்கள். பிடிக்கிறதோ இல்லையோ, யோசித்து மாற்றியிருக்கிறார்கள். தங்கள் மலாய்க் கடிதமும் ஒழுங்காக அந்த முறையில்தான் வருகிறது. தமிழுக்கு வரும்போது மட்டும் ஆங்கிலத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறீர்கள். ஏன், மலாய்த் தாள் கைக்கு எட்டவில்லையா?

ஒரே ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை. லயத்தில் ஒரு குடும்பத்தில் மரணம். தாங்கள் அனுதாபக் கடிதம் அனுப்பியது நல்ல காரியம். அதுவும் "நல்ல நாள்" என்று தொடங்கி "சிறந்த வாழ்த்துகளுடன்" என்று முடிந்தது. மூத்த மகன் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தாயிடம் காட்டவில்லை. துக்க வீட்டில் நாம் வணக்கம்கூடச் சொல்வதில்லை, போய்வருகிறேன் என்று விடைபெறுவதும் இல்லை. கடிதத்திலும் அப்படித்தான். பெயர், அவர்களுக்கு, நேரே செய்தி: தங்கள் தந்தையார் மறைந்த செய்தி அறிந்து ஆழ்ந்த வருத்தமடைந்தோம். பிறகு, அடக்கச் செலவுக்கு நிறுவனம் தரும் தொகை எவ்வளவு, யாரிடம் பெற்றுக்கொள்ளலாம். ஆழ்ந்த இரங்கலுடன் என்று எழுதிக் கையெழுத்து. நன்றியும் வேண்டாம்.

அக்காவின் கடிதத்துக்கு வருகிறேன். அவருக்கு இப்படி எழுதியிருக்கலாம்:

"திருமதி (பெயர்) அவர்களுக்கு,

வணக்கம்.

பொருள்: தோட்ட வீட்டை ஒப்படைப்பது

தாங்கள் மார்ச் 31ஆம் தேதி பணி ஓய்வு பெறுகிறீர்கள். இத்தனை ஆண்டுகள் தோட்டத்துக்குத் தாங்கள் ஆற்றிய பணிக்கு நன்றி.

தாங்கள் குடியிருக்கும் வீட்டை ஏப்ரல் 30ஆம் தேதிக்குள் தோட்ட அலுவலகத்தில் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்கான படிவத்தை இத்துடன் இணைத்துள்ளோம். கூடுதல் அவகாசம் தேவைப்பட்டால் ஏப்ரல் 15ஆம் தேதிக்குள் எழுதிக் கொடுக்கலாம். விளக்கம் வேண்டுமெனில் அலுவலக நேரத்தில் என்னை நேரில் பார்க்கலாம்.

நன்றி.

இப்படிக்கு,
(கையொப்பம்)
(பெயர்)
தோட்ட நிர்வாகி"

இதிலும் செய்தி அதேதான். வீடு போகிறது, அதை எந்த முகமனும் தடுக்காது. ஆனால் எந்தத் தேதி என்பது தெரிகிறது, நீட்டிக்க வழி உண்டா என்பது தெரிகிறது, யாரைப் பார்ப்பது என்பது தெரிகிறது. "என்னை நேரில் பார்க்கலாம்" என்ற வரியைத் தங்கள் சட்டப் பிரிவு அடித்துவிடும் என்று ஊகிக்கிறேன். அடித்தால் "இப்படிக்கு" என்பதையும் சேர்த்து அடித்துவிடச் சொல்லுங்கள்.

ஆகவே, அக்காவுக்கு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற்று, திருத்திய கடிதத்தை ஓர் ஆளின் கையொப்பத்துடன் அனுப்புமாறும், அவகாசத்தைப் புதிய கடிதத்தின் தேதியிலிருந்து கணக்கிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். சுதந்திரமாக உணர்ந்து தாங்கள் கொடுத்த எண்ணை நான் அழைத்தேன். ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்தவும், மலாய்க்கு இரண்டை அழுத்தவும் என்றது. மூன்றை அழுத்தினேன், துண்டித்துவிட்டது. எனவே பதிலை எழுத்தில் அனுப்பவும்.

நன்றி.

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஓய்வு பெற்ற பெரிய கிராணி

நகல்:
தோட்ட நிர்வாகி
தொழிற்சங்கக் கிளைச் செயலாளர்
தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் (ஆறாம் ஆண்டுக் கட்டுரைப் பயிற்சிக்கு)